ஏசிபி எலிவேஷனுக்குப் பின்னால் தீ ஏறாமல் மறிப்பது எப்படி: ஷட்டர் மேல்தளத்திலிருந்து மொட்டை மாடிக் கூரை வரை முழுமையான வழிகாட்டி

தருமபுரி சேலம் ரோட்டில் ஒரு பழைய ஜவுளிக்கடையின் முகப்பை மூடியிருந்த ஏசிபியை, அதாவது அலுமினியத் தகடு போர்த்திய ஷீட்டை, புதுப்பிக்கக் கழற்றிக்கொண்டிருந்தோம். இரண்டாம் மாடி உயரத்தில் ஒரு ஷீட் கையோடு வந்ததும் உள்ளேயிருந்து அணில் கூடு ஒன்று பொத்தென்று விழுந்தது. தேங்காய் நார், பஞ்சு, கிழிந்த துணி, காய்ந்த புல். அதற்கு ஒரு ஜாண் தள்ளி, பெயர்ப்பலகை எழுத்துகளுக்கான எல்இடி டிரான்ஸ்ஃபார்மர் தொங்கியது. அதன் ஒயர் இணைப்பில் சுற்றியிருந்த டேப் கருகிப்போய் இருந்தது. மேலே எட்டிப் பார்த்தால் மொட்டை மாடியின் வெளிச்சம் தெரிந்தது, கீழே பார்த்தால் ஷட்டர் தெரிந்தது. நடுவில் எந்தத் தடையும் இல்லை.

அந்தக் கட்டிடத்துக்கு என்ன செய்தோம் என்பதை வைத்தே இந்த வழிமுறையைச் சொல்கிறேன். தரைத்தளம், மேலே இரண்டு மாடி, அதற்கு மேல் மொட்டை மாடியில் ஒரு தகர ஷெட். முகப்பின் அகலம் 12 மீட்டர். நம் ஊர் பஜார்களில் இதுதான் வழக்கமான அமைப்பு.

இடைவெளி ஏன் ஆபத்து

ஏசிபி சுவரில் ஒட்டி நிற்பதில்லை. சுவரில் எல் கிளாம்ப் அடித்து, அதில் அலுமினியப் பெட்டிக்குழாய் ஓட்டி, அதன்மேல் ஷீட்டை மாட்டுகிறோம். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே மூன்று அங்குலம்போல வெற்றிடம் கிடைக்கிறது. இதைத்தான் கேவிட்டி என்கிறோம். தீ இதற்குள் நுழைந்தால் அகலமாகப் பரவ இடமில்லாததால் எரிவதற்கான காற்றைத் தேடி மேலே நீள்கிறது. திறந்த வெளியில் இருக்கும் நீளத்தைவிட ஐந்து முதல் பத்து மடங்கு வரை சுடர் நீளலாம் என்பது பிரிட்டனில் செய்த சோதனைகளில் கண்டது. இதற்கு உள்ளே எரியும் பொருள் நிறைய இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, புகைபோக்கி போன்ற அந்த வடிவமே போதும்.

இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கேவிட்டி பேரியர் என்பது இந்த வெற்றிடத்தைக் குறுக்கே மறிக்கும் பட்டை. தீயைத் தாமதப்படுத்துவது அதன் வேலை. பிரிட்டன் விதிகள் அதனிடம் கேட்பது 30 நிமிடம் சுடரை விடாமல் நிற்பதையும், அதில் 15 நிமிடம் மறுபக்கம் அதிகம் சூடேறாமல் இருப்பதையும்தான். ஃபயர் ஸ்டாப் என்பது வேறு. தீயைத் தாங்கும் சுவரிலோ தளத்திலோ இருக்கும் இணைப்பையும் துளையையும் அடைப்பது. அந்தச் சுவர் இரண்டு மணி நேரம் தாங்கும் என்றால், அடைப்பும் அவ்வளவு நேரம் தாங்க வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது.

முதலில் ஷீட்டின் நடுப்பொருளைப் பாருங்கள்

ஏசிபி என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒரு நடுப்பொருள். விலை குறைந்த ரகத்தில் அது பாலிஎதிலீன், அதாவது பிளாஸ்டிக். தீ எதிர்ப்பு ரகத்தில் பெரும்பகுதி கனிமத் தூள். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். கூடவே விரல் அகலத் துண்டு ஒன்றை வெட்டி, திறந்த வெளியில் இடுக்கியில் பிடித்து, ஓரத்தில் சுடர் காட்டிப் பாருங்கள். பாலிஎதிலீன் என்றால் மெழுகுவர்த்திபோல் தானே எரியும், எரியும் துளிகள் சொட்டும். தீ எதிர்ப்பு ரகம் கருகும், சுடரை எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இந்த இடத்தில் ஒளிவுமறைவில்லாமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாலிஎதிலீன் ஷீட்டைப் போட்டுவிட்டு, பின்னால் எவ்வளவு நல்ல பேரியர் வைத்தாலும் பலனில்லை. தீ ஷீட்டின் முகத்திலேயே ஏறி, பேரியரை வெளிப்பக்கமாகத் தாண்டிப் போய்விடும். எங்கள் கட்டிடத்தில் ஓனர் முதலில் பழைய ரகத்தையே கேட்டார். துண்டை அவர் கண் முன்னாலேயே எரித்துக் காட்டிய பிறகு மாற்றிக்கொண்டார்.

எங்கெல்லாம் மறிக்க வேண்டும்

வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள். எங்கள் முகப்பில் கிடைமட்டமாக நான்கு கோடுகள் வந்தன. ஷட்டருக்கு மேலே ஏசிபி தொடங்கும் கீழ் விளிம்பு முதல் கோடு. கடைக்குள் தீப்பிடித்தால் சுடர் முதலில் முட்டும் இடம் அதுதான், அது முதல் மாடித் தளத்தின் மட்டத்திலேயே இருந்தது. இரண்டாம் மாடித் தளம் அடுத்த கோடு. மொட்டை மாடித் தளம் மூன்றாவது. கைப்பிடிச் சுவரின் உச்சி நான்காவது. ஆக நான்கு பன்னிரண்டு, 48 மீட்டர்.

பக்கவாட்டில் இரண்டு ஓரங்களிலும் செங்குத்துக் கோடு, ஒவ்வொன்றும் 8 மீட்டர், மொத்தம் 16. பக்கத்துக் கடையின் ஏசிபி நம்முடையதோடு ஒட்டி நிற்கும் பஜாரில் இதை விட்டுவிடக் கூடாது, இல்லையென்றால் இரண்டு கட்டிடத்துக்கும் ஒரே வெற்றிடம் ஆகிவிடும். முகப்பு இன்னும் நீளமாக, 20 மீட்டரைத் தாண்டினால் நடுவிலும் ஒரு செங்குத்துக் கோடு வேண்டும்.

அப்புறம் ஜன்னல்கள். மாடிக்கு மூன்றாக ஆறு இருந்தன. எல்லாவற்றையும் ஏசிபி போட்டு மூடிவிடச் சொன்னார் ஓனர். நம் பக்கம் எல்லோரும் செய்வதுதான், ஆனால் மிக மோசமான பழக்கம். கண்ணாடி உடைந்த ஜன்னல் உள்ளே அப்படியே இருக்கும், ஸ்டாக் அறை நேராகக் கேவிட்டிக்குள் திறந்திருக்கும். தீயணைப்பு வீரர்கள் ஏணி சாத்தவும் புகையை வெளியேற்றவும் ஒரு திறப்புகூட மிஞ்சாது. கடைசியில் மாடிக்கு இரண்டு ஜன்னலைத் திறக்கும் ஜன்னலாகவே விட்டோம், மீதி ஒன்றை பிளாக் வைத்துக் கட்டிப் பூசிவிட்டோம். விட்ட நான்கும் 1.2 மீட்டர் சதுரம், நான்கு பக்கமும் சுற்றினால் ஒன்றுக்கு 4.8, மொத்தம் 19.2 மீட்டர்.

எல்லாம் சேர்த்து 83.2, வேலைக்கு 84 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம்.

உங்கள் கட்டிடத்தில் கான்கிரீட் சன்ஷேட் இருந்து, அதையும் மறைத்து ஏசிபி முன்னால் தள்ளி நிற்கிறதா? அப்படியானால் கேவிட்டி ஒன்றரை, இரண்டு அடி ஆழம் ஆகிவிடும். அவ்வளவு அகலத்தை ராக்வுல் எனும் பாறை இழைப் பஞ்சால் அடைக்க முயலாதீர்கள். சன்ஷேட்டே நல்ல தடை, அதன் விளிம்புக்கும் ஷீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் அடைத்தால் போதும். ஆனால் சன்ஷேட் ஜன்னல் அகலத்துக்குத்தான் இருக்கும். அதன் இரண்டு முனைகளையும் சுற்றிக்கொண்டு தீ ஏறும். சன்ஷேட்டுக்கும் சன்ஷேட்டுக்கும் இடையே ஜிஐ தகடும் ராக்வுல்லும் வைத்து அதே மட்டத்தில் தொடர்ச்சியாக்க வேண்டும்.

பொருள்

ராக்வுல் வாங்குங்கள், கிளாஸ்வுல் வேண்டாம். பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ராக்வுல் 1000 டிகிரி செல்சியஸ்வரை உருகாமல் நிற்கும், கண்ணாடி இழை அதற்கு வெகு முன்பே உருகிச் சுருங்கிவிடும். அடர்த்தி கன மீட்டருக்கு 64 கிலோ இருந்தால் இந்த வேலைக்குச் சரியாக அமையும். அதைவிடக் கெட்டியானது அழுத்தத்துக்கு இசையாமல் ஷீட்டையே வெளியே தள்ளும், லேசானது தொய்ந்துவிடும்.

ராக்வுல்லைத் தாங்க ஜிஐ தகட்டில் வளைத்த ஆங்கிள் வேண்டும். பிரிட்டன் விதிப்படி ஜன்னல் போன்ற திறப்புகளைச் சுற்றி வைக்கும் கேவிட்டி பேரியருக்கு அரை மில்லிமீட்டர் எஃகுத் தகடே போதும், ஆனால் வளையாமல் நிற்க நாங்கள் 1.2 மி.மீ. தகடு எடுத்தோம். அலுமினிய ஆங்கிள் கூடாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், பலத்தை அதற்கு வெகு முன்பே இழந்துவிடும். அதே காரணத்துக்காக நைலான் பிளக் போட்டு ஸ்க்ரூ அடிப்பதும் கூடாது, சூட்டில் பிளக் இளகி, ஆங்கிள் மொத்தமாகக் கழன்று விழும். இரும்பு ஆங்கர் ஃபாஸ்டனர்தான் சரி.

ஆரஞ்சு நிறத்தில் பீய்ச்சும் பியூ ஃபோமை மறந்துவிடுங்கள். பழைய முகப்புகளைக் கழற்றும்போது நான் அதிகம் பார்ப்பது அதைத்தான். சந்து நன்றாக அடைபட்டதுபோல் தெரியும். ஆனால் அதுவே எரியும் பொருள்.

அளந்து, வெட்டி, பொருத்துவது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். வரைபடத்தில் கேவிட்டி 75 மி.மீ. என்று இருக்கும். பழைய சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காது. நாங்கள் நூல் கட்டி, மீட்டருக்கு ஒரு தடவை அளந்தோம். பெரும்பாலும் 75, ஒரு மூலையில் 62, ஜன்னலுக்கு மேலே ஓரிடத்தில் 91. அளவைச் சுவரிலேயே சாக்பீஸால் எழுதினோம்.

ராக்வுல் நான்கில் ஒரு பங்கு அமுங்கி உட்கார வேண்டும், அப்போதுதான் சந்து விடாமல் விறைப்பாக நிற்கும். 75 மி.மீ. இடைவெளிக்கு 100 மி.மீ. தடிமன் என்பது கணக்கு. 91 இருந்த இடத்தில் 25 மி.மீ. அடுக்கு ஒன்றைச் சேர்த்தோம். 62 இருந்த இடத்தில் அடுக்கை உரித்து 83 மி.மீ. அளவுக்கு மெலிதாக்கினோம். ராக்வுல் ஸ்லாப் பாய் அடுக்கியதுபோல் அடுக்கடுக்காக இருப்பதால் கையாலேயே உரிக்கலாம்.

அந்த அடுக்குகளை வைத்தே இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஸ்லாப்பைப் படுக்க வைத்துத் திணித்தால் அமுங்காது, அமுங்கினாலும் திரும்ப எழாது. ஸ்லாப்பின் தடிமன் சுவரிலிருந்து ஷீட்டை நோக்கி இருக்கும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். 1000-க்கு 600 மி.மீ. ஸ்லாப்பை 100 மி.மீ. அகலத்துக்கு வெட்டினால் ஆறு பட்டைகள், அதாவது ஆறு மீட்டர். 84 மீட்டருக்கு 14 ஸ்லாப், சேதாரம் பத்து சதவீதம் சேர்த்து 16 வாங்கினோம். நீளமான ரம்பப்பல் கத்தியால் வெட்டுங்கள், கையுறையும் முகமூடியும் கட்டாயம்.

ஆங்கிளைச் சுவரில், நினைவிருக்கட்டும், அலுமினியச் சட்டத்தில் அல்ல, சுவரில் 450 மி.மீ.க்கு ஓர் ஆங்கர் வீதம் அடித்தோம். மொத்தம் 190 ஆங்கர்போல வந்தது. ஆங்கிளின் விளிம்பை 300 மி.மீ.க்கு ஒரு தடவை வெட்டி நாக்குபோல் மேலே மடக்கி, ராக்வுல் பட்டையை அதில் குத்தி உட்கார வைத்தோம். பட்டையும் பட்டையும் சேரும் இடத்தில் நெருக்கித் தள்ள வேண்டும். ஷீட்டை மாட்டும்போது அதுவே பட்டையை அமுக்கிக்கொள்ளும்.

இப்போது எல்லோரும் தவறவிடும் இடம். சட்டத்துக்குப் போடும் அலுமினியப் பெட்டிக்குழாய் உள்ளே வெற்றாக இருக்கும். கீழிருந்து உச்சிவரை ஒரே குழாய் ஓடினால், வெளியே எவ்வளவு பேரியர் வைத்தாலும் குழாய்க்குள்ளே ஒரு புகைபோக்கி இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தளத்தின் மட்டத்திலும் குழாயை முறித்து, 10 மி.மீ. இடைவெளி விட்டு, இரண்டு முனையிலும் ராக்வுல்லை விரலால் இறுக்கித் திணித்தோம். அந்த இடைவெளி வெயிலில் அலுமினியம் நீள்வதற்கும் உதவும். எங்கள் பிட்டர் தம்பி கேட்டான், "சார், இது உள்ள போயிடுமே, யாரு பாக்கப் போறாங்க?" அவனையே குழாயின் கீழ்முனையில் ஊதுபத்தி காட்டச் சொன்னேன். மேல்முனையில் புகை வந்தது. அதன் பிறகு ஒரு முனையைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை.

ஏசிபி மூட்டுகளை நம் ஊரில் சிலிக்கானால் அடைத்துவிடுகிறோம், காற்றோட்டம் விடுவதில்லை. அதனால் இப்படி முழுக்க மூடும் பட்டை பொருந்தும். ஆனால் சிலிக்கான் வெடித்து உள்ளே வரும் மழைத்தண்ணீர் பட்டையின்மேல் தேங்கும். ஆங்கிளை வெளிப்பக்கம் லேசாகச் சரித்து வைத்து, பட்டைக்குச் சற்று மேலே ஷீட் மூட்டில் சிறு துளை விடுங்கள். மூட்டுகளைத் திறந்து விடும் காற்றோட்ட முறை என்றால் இந்தப் பட்டை உதவாது. சூட்டில் தானே உப்பி இடைவெளியை அடைக்கும் பேரியரைச் சோதனைச் சான்றோடு வாங்க வேண்டும்.

ஒயரும் மழைநீர்க் குழாயும்

கேவிட்டிக்குள் நான்கு அங்குல பிவிசி மழைநீர்க் குழாய் ஓடினால், தீயில் அது உருகி, ஒவ்வொரு பேரியரிலும் நான்கு அங்குல ஓட்டை விழும். நாங்கள் அதை வெளியே எடுத்துப் பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டோம். முடியாத இடத்தில், சூட்டில் உப்பிக் குழாயை நெரித்து அடைக்கும் ஃபயர் காலர் போட வேண்டும். பெயர்ப்பலகை ஒயரை இரும்புக் குழாய் வழியாக ஒரே இடத்தில் கொண்டுவந்து, சுவரில் அது நுழையும் துளையை ராக்வுல்லும் ஃபயர் சீலன்ட்டும் வைத்து அடைத்தோம். டிரான்ஸ்ஃபார்மரைக் கேவிட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கடைக்குள் வைத்தாயிற்று.

உச்சியும் தகரக் கூரையும்

2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். தீ ஒரு பக்கத்தில் மேலே ஏறியது, பிறகு கட்டிடத்தின் தலையில் அலங்காரத்துக்காக வைத்திருந்த கிரீடம் போன்ற பகுதி வழியாகவே பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கங்களில் இறங்கியது என்று விசாரணை ஆணையம் சொன்னது. உச்சியில் உள்ள வெற்றிடம் தீக்கு ரிங் ரோடு மாதிரி.

நம் கடைகளில் அந்தக் கிரீடம் வேறு உருவத்தில் இருக்கிறது. கைப்பிடிச் சுவருக்கு மேலே நான்கடி உயரத்துக்கு ஏசிபியை எழுப்பி, தண்ணீர்த் தொட்டியையும் ஷெட்டையும் மறைப்போம். இரண்டு பக்கமும் ஷீட், நடுவில் வெற்றிடம், கீழே முகப்பின் கேவிட்டியோடு ஒன்றாகச் சேர்ந்திருக்கும். எங்கள் நான்காவது கோடு அதற்காகத்தான். கைப்பிடிச் சுவரின் தலையில், முழு அகலத்துக்கும் ஜிஐ தகடு போர்த்தி, அதன் முன்விளிம்பில் ராக்வுல் பட்டை வைத்து, கீழுள்ள கேவிட்டியை அங்கேயே முடித்தோம். மறைப்பு தனியாக அதன்மேல் நிற்கிறது. அதற்குள்ளும் இரண்டு இடத்தில் குறுக்குத் தடுப்பு வைத்தோம். மொட்டை மாடித் தளத்தின் மட்டத்தில் உள்ள மூன்றாவது கோட்டை, "மேலதான் ஒண்ணு இருக்கே" என்று விட்டுவிடாதீர்கள். அது இரண்டாம் மாடியின் தீ கைப்பிடிச் சுவருக்குப் பின்னாலுள்ள ஷெட்டை எட்டாமல் தாமதிக்க.

ஷெட்டில் துணி மூட்டைகள் ஒருபக்கம், ஆட்கள் சாப்பாடு சூடாக்கும் கேஸ் அடுப்பு மறுபக்கம், நடுவில் ஒரு செங்கல் சுவர். சுவர் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தகரத்தின் அடியோடு நின்றுவிட்டது. ஷீட்டின் மேடு பள்ளம் ஒவ்வொன்றிலும் கை நுழையும் அளவு ஓட்டை. அதைச் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். பகல் வெயிலில் தகரம் நீண்டு, இரவில் சுருங்கி, சிமெண்ட் உதிர்ந்துபோயிருந்தது. மேட்டின் வடிவத்துக்கு ராக்வுல்லை வெட்டி, அமுக்கித் திணித்து, இரண்டு பக்கமும் ஜிஐ தகட்டை வளைத்துச் சுவரோடு ஆங்கர் அடித்தோம். தகடு கூரையில் ஸ்க்ரூ ஆகாமல் சும்மா முட்டிக்கொண்டு நிற்கும், அதனால் தகரம் அசையலாம்.

கூரை, இரண்டு தகட்டுக்கு நடுவே ஃபோம் வைத்த பஃப் பேனல் என்றால் இது போதாது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளிலும் குளிர் அறைகளிலும் அந்த வகைப் பேனலைப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் ஃபோம் சுவருக்கு மேலே தொடர்ந்து ஓடினால், தீ சுவரைத் தொடாமலேயே பேனலுக்குள் கடந்துவிடும். பிரிட்டன் வழிகாட்டலில் இதற்கு இரண்டு வழி உண்டு. சுவருக்கு நேர் மேலே குறைந்தது 300 மி.மீ. அகலத்துக்கு ஃபோமுக்குப் பதில் எரியாத பொருள் வைப்பது ஒன்று, அதோடு சுவரின் இருபுறமும் 1500 மி.மீ. வரை கூரை வெளிப்புறத் தீயைத் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும். இன்னொன்று, சுவரையே கூரைக்கு மேல் 375 மி.மீ. எழுப்புவது. புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். மழைத்தண்ணீர் ஒழுகாமல் ஃபிளாஷிங் செய்யக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் வெளியிலிருந்தே கண்ணால் பார்த்து உறுதி செய்யலாம்.

மூடுவதற்கு முன் சோதனை

பட்டையை அமுக்கும் ஷீட்டை மாட்டிவிட்டு, அதற்கு மேலுள்ள ஷீட்டை மாட்டுவதற்கு முன், இருட்டிய பிறகு செய்யுங்கள். ஒருவர் கீழ்த்தளத்தில் பட்டைக்கு அடியில் பலமான டார்ச்சைப் பிடிக்கட்டும், இன்னொருவர் மேலிருந்து பார்க்கட்டும். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அந்த இடத்தைக் குறித்து அடையுங்கள். எங்களுக்கு முதல் இரவில் பதினோரு இடம் தெரிந்தது, அதில் எட்டு செங்குத்துப் பட்டையும் கிடைமட்டப் பட்டையும் சந்திக்கும் மூலைகளில். மூலையில் இரண்டையும் முட்டவைத்தால் போதாது, ஒன்றை ஓடவிட்டு மற்றதை அதன்மேல் நெருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பட்டையையும் கையால் லேசாக இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு வந்தால் அமுக்கம் போதவில்லை.

நான் சொன்னது தாழ்வான கட்டிடத்துக்கு சைட்டில் செய்துகொள்ளும் முறை, ஆய்வகத்தில் சோதித்த சிஸ்டம் அல்ல. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு 15 மீட்டரையும் அதற்கு மேலும் உள்ளதை உயரக் கட்டிடம் என்கிறது. அந்த உயரத்திலும், மருத்துவமனை, விடுதி போன்றவற்றிலும் சோதனை அறிக்கையுள்ள முழு சிஸ்டத்தையே வாங்கி, அந்த அறிக்கையில் உள்ளபடியே பொருத்த வேண்டும். முகப்பு முழுக்கக் கண்ணாடி என்றால் தளத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ள சந்து ஃபயர் ஸ்டாப் ஆகிவிடுகிறது, தளம் தாங்கும் நேரம் அதுவும் தாங்க வேண்டும்.

ஷீட் மூடுவதற்கு முன் மீட்டருக்கு ஒரு படம், டேப் தெரியும்படி எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து தீபாவளி சீசனுக்கு புதிய பெயர்ப்பலகை மாட்ட ஒருவர் வருவார், டிரில் போடுவார், பட்டைக்குள் ஒயரை நுழைப்பார். அவருக்காகத்தான் கைப்பிடிச் சுவரின் உட்பக்கத்தில், தளத்துக்கு ஒன்றாக சிவப்பு பெயிண்ட்டில் உயர அளவைக் குறித்து, ஓனரிடமும் ஒரு செட் படம் கொடுத்துவிட்டு வந்தோம்.